பருவுக்கு டாக்சிசைக்ளின்: பொறுக்க வேண்டிய வாரங்களும் மலையின் வெயிலும்

பதில் அளிப்பவர்: குன்னூரில் தோல் நோய் பார்க்கும் மருத்துவர்

கோத்தகிரி, கல்லூரி மாணவி: தினமும் 100 மி.கி. சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது. புதுப் பரு வந்துகொண்டே இருக்கிறது. மாத்திரையை மாற்றச் சொல்லலாமா?

இப்போது வேண்டாம். இன்று முகத்தில் தெரியும் பரு, நீங்கள் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே தோலுக்குள் உருவாகத் தொடங்கியிருக்கலாம். நான்கு முதல் ஆறு வாரத்தில் முதலில் குறைவது பெரும்பாலும் எண்ணிக்கை அல்ல. புதிதாக வருபவை சிறியனவாக, வலி குறைந்தனவாக, சீக்கிரம் வற்றுவனவாக மாறும். முழுப் பலனை 12 வாரத்தில்தான் மதிப்பிட முடியும். வாரம் ஒருமுறை அதே சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, சிவந்து வீங்கியவற்றை மட்டும் எண்ணுங்கள். ஆறிய பின் தங்கும் பழுப்புத் தழும்பை எண்ணினால் எதுவும் குறையாததுபோலத் தோன்றும்.

இரவில் என்ன பூசுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரை வீக்கத்தைத் தணிக்குமே தவிர, அடைபட்ட துளையைத் திறக்காது. அதற்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சு உடன் இருக்க வேண்டும். கிளிண்டாமைசின் களிம்பை இதனுடன் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் இரண்டும் ஆன்டிபயாட்டிக்.

ஊட்டி, காரட் விவசாயி: நம் ஊரில் பாதி நாள் மேகமும் மூடுபனியுமாகத்தான் இருக்கிறது. வெயிலில் போகாதே என்பது சமவெளிக்காரர்களுக்குச் சொன்னதுதானே?

பாதி சரி. அடர்ந்த மூடுபனி கதிரைக் குறைக்கும். மெல்லிய மேகம் அவ்வளவாகத் தடுக்காது, இந்த மாத்திரை சாப்பிடுபவரின் தோலைச் சுடும் கதிரைச் சன்னல் கண்ணாடியும் பெருமளவு உள்ளே விட்டுவிடும். உயரம் 1000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிரில் சூடு உறைக்காததால் நிழலுக்கு ஒதுங்க யாருக்கும் தோன்றாது என்பதுதான் என் பெரிய கவலை.

என்னிடம் வந்த ஒரு பெண் தேயிலை பறிப்பவர். மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம், பனி விழுந்து வானம் தெளிந்த ஒரு சனவரி நாளில், காலை முதல் மாலை வரை கொழுந்து பறித்திருக்கிறார். அன்று மாலை மூக்கு நுனியிலும் புறங்கையிலும் ஊசி குத்துவதுபோல எரிந்தது. மறுநாள் சட்டைக்கை முடிந்த இடத்தில் கோடு போட்டதுபோலச் சிவந்தது. அதை ஒவ்வாமை என்று நினைத்து வீட்டில் புளியையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் மூடியிருந்த தோலில் ஒன்றுமில்லை என்பதே காரணத்தைச் சொல்லிவிட்டது. சில வாரத்தில் இரண்டு விரல்களின் நகமும் நுனியில் தூக்கிக்கொண்டது. அவருடைய வேலையை மாற்ற முடியாது என்பதால் மாத்திரையை நிறுத்திப் பூச்சை மட்டும் தொடர்ந்தோம். தோல் ஆறியது, பரு மெதுவாகத்தான் குறைந்தது. இதே வகை ஆன்டிபயாட்டிக்கான மினோசைக்ளின் கொடுத்திருக்கலாம் என்றார் என் நண்பர். அதில் வெயில் தொல்லை குறைவுதான். ஆனால் தோல் கருநீலமாவது, ஈரல் பாதிப்பு ஆகியவற்றை எண்ணி நான் தயங்கினேன். இதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

உங்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் முதல் காப்பு; சன்ஸ்கிரீன் அடுத்தது, அதில் எஸ்பிஎஃப் 30க்கு மேல் இருப்பதோடு, கண்ணாடியைக் கடந்து வரும் கதிரையும் தடுப்பதைக் காட்டும் பிஏ குறியும் இருக்க வேண்டும். இரவில் மாத்திரை சாப்பிட்டால் வெயில் தாக்காது என்று நம்ப வேண்டாம், மருந்து மறுநாளும் உடலில் இருக்கும். படுக்கும் நேரத்தில் விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கலாம்; உணவோடு, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்திருங்கள்.

கொடைக்கானல், ஒரு தாய்: என் கணவருக்கு ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு இதே மாத்திரையை ஏழு நாள்தான் கொடுத்தார்கள். மகனுக்கு மூன்று மாதம் என்கிறார்களே, அவ்வளவு பலவீனமான மருந்தா?

மருந்து அதேதான், வேலை வேறு. காய்ச்சலில் கிருமி அழிந்ததும் வேலை முடிந்தது. பருவில் தோல் மீண்டும் மீண்டும் வீங்குவதைத் தணிக்க வேண்டியிருப்பதால் காலம் நீள்கிறது. ஆனால் 12 வாரத்தில் மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த அட்டையை வாங்காதீர்கள். பரு அடங்கியிருந்தால் மாத்திரை நின்று பூச்சு தொடரும். பாதி குறைந்திருந்தால் இன்னும் சில வாரம் நீட்டலாம். ஆறு மாதத்தைத் தாண்டுவதற்கு வலுவான காரணம் வேண்டும், ஏனெனில் நீளும் ஒவ்வொரு மாதமும் மருந்தை எதிர்க்கும் கிருமிகளை வளர்க்கிறது. எதுவுமே குறையவில்லை என்றால் கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மருந்து பற்றிப் பேச வேண்டும். அதை இந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு சிறு பொரிகள் கிளம்பினால் அது பருவே அல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் 12 வாரம் காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்தி அன்றே வர வேண்டும்.

குன்னூர், புதுமணப் பெண்: குழந்தைக்கு முயல்கிறோம். தொடரலாமா?

வேண்டாம். இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். பென்சாயில் பெராக்சைடு, அசிலாயிக் அமிலம் போன்ற பூச்சுகளுக்கு அவர் மாற்றித் தருவார். அடாபலீனையும் நிறுத்திவிடுங்கள்.