கோட்டைச் சுவரும் சாயங்கால வெயிலும்

கேள்வி: மதுரைக் கோட்டை இடிக்கப்பட்டதை வைத்து நாவல் எழுதுகிறேன். மூன்று வருடம் தேடிப் படித்ததில் முதல் அத்தியாயத்திலேயே எட்டுப் பக்கம் வரலாறு வந்துவிட்டது. படித்தவர்கள் 'பாடப்புத்தகம் மாதிரி இருக்கு' என்கிறார்கள். வெட்டவும் மனசு வரவில்லை. என்ன செய்ய?

பதில்: வெட்டுவதற்கு முன் அந்த எட்டுப் பக்கத்தையும் பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு வரியிலும், 'இந்த நேரத்தில் இது யாருக்குத் தேவைப்படுகிறது?' என்று கேளுங்கள். கதைக்குள் ஒருவருக்கும் தேவையில்லை என்றால் கோடு போடுங்கள். 'விசுவநாத நாயக்கர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க உத்தரவிட்டார்' என்ற வரியில் நிச்சயம் கோடு விழும். கோட்டைக்குள் ஒரு தெருவில் குடியிருப்பவள் அப்படி நினைக்க மாட்டாள்.

அவளுக்குத் தெரிவது என்ன? மேற்குச் சுவரை ஒட்டி, உள்பக்கம் அவள் வீடு இருக்கிறது என்று வைப்போம். இப்படி எழுதிப் பாருங்கள்:

'நிழலில் பாயை விரித்துப் படுத்திருந்த கிழவி கண் கூசி எழுந்தாள். முற்றத்தில் சாயங்கால வெயில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த நேரத்துக்கு இங்கே வெயில் விழுந்ததே இல்லை. "சொவத்த எடுத்துட்டாய்ங்களா?" என்றாள். மகன் தலையிலிருந்த மண்கூடையை இறக்காமலே சொன்னான்: "அகழிய மூடிட்டா அந்த எடம் நமக்குத்தான் ஆத்தா."'

சுவரின் உயரம், அது எத்தனை காலமாக நின்றது, இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த நிலம் என்ற பிளாக்பர்னின் ஏற்பாடு எல்லாம் இதற்குள் இருக்கின்றன. நீங்கள் படித்தது வீண்போகவில்லை. நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதே படித்ததால் கிடைத்ததுதான்.

இதில் ஒரு குழி உண்டு. விளக்கத்தை அப்படியே பேச்சுக்குள் தள்ளிவிடுவார்கள். "உனக்குத்தான் தெரியுமே, இந்தக் கோட்டைக்கு எழுபத்திரண்டு கொத்தளம்" என்று மகன் தாயிடம் சொன்னால் அதுவும் பாடம்தான். இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார் என்றால் அது வாசகருக்காகச் சொல்வது. படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அதற்காக நேரடி விளக்கமே கூடாது என்று சொல்லவில்லை. வெயில் விழுந்த பிறகு 'ஏன் இடிக்கிறார்கள்?' என்று வாசகர் கேட்கத் தொடங்குவார். அப்போது மூன்று வரியில் நீங்களே சொல்லிவிடலாம், விரும்பிப் படிப்பார். அதே மூன்று வரி முதல் பக்கத்தில் வந்தால் தாண்டிப் போவார்.

அப்புறம், பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்தளம் இன்னும் மிச்சமிருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் போய் நில்லுங்கள். அதன் நிழல் எத்தனை அடி நீள்கிறது என்று நடந்து பாருங்கள். கிழவியின் முற்றத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று தெரிந்துவிடும்.