வாங்கும் முன், வாங்கிய பின்: கடைப் பலகையில் ஆறு வார்த்தை

கேள்வி: ‘ஊரிலேயே சிறந்த பிரியாணி’ என்று பலகை வைக்கலாமா? எதிர்க்கடையிலும் அதே வரிதான் இருக்கிறது. (பிரியாணிக் கடை, ஆம்பூர்)

வைக்கலாம். யாரும் அதைப் படித்துவிட்டு உள்ளே வரப் போவதில்லை, அதனால் யாரும் ஏமாறப் போவதுமில்லை.

கேள்வி: செக்கு எண்ணெய்க் கடை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. பலகையில் ‘100% சுத்தமான, கலப்படமற்ற, கொலஸ்ட்ரால் இல்லாத, இதயம் காக்கும், பாரம்பரிய மரச்செக்கு எண்ணெய் – உங்கள் ஆரோக்கியத்துக்கு நாங்கள் கேரண்டி’ என்று எழுதியிருக்கிறோம். யாருக்கும் மனதில் நிற்கவில்லை. சுருக்கித் தர முடியுமா? (ஈரோடு பக்கம்)

பதினான்கு வார்த்தை, எண்ணிப் பார்த்தேன். ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர் ‘கலப்படமற்ற’ வரை வருவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். ஆனால் நீளத்தைவிடப் பெரிய கோளாறு, இதில் பாதி உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு.

‘100%’ முதலில் போகட்டும். உணவுப் பொருளின் லேபிளிலும் விளம்பரத்திலும் இதைப் போடாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதமே சொல்லிவிட்டது. சட்டத்தில் அதற்கு ஒரு வரையறை இல்லை, மற்றவர்கள் சரக்கெல்லாம் மட்டம் என்ற அர்த்தமும் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘கொலஸ்ட்ரால் இல்லாத’ என்பது பொய் இல்லை, ஆனால் கடலையிலோ எள்ளிலோ கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ‘எங்கள் இட்லியில் எலும்பு இல்லை’ என்று ஹோட்டல்காரர் எழுதினால் எப்படி இருக்கும்? அடுத்த ஹோட்டல் இட்லியைச் சந்தேகப்பட வைப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. ‘இதயம் காக்கும்’ கட்டாயம் போக வேண்டும். சாப்பாட்டுப் பொருளை மருந்துபோல விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள், தவறான விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்ச ரூபாய் வரை போகலாம். ‘கேரண்டி’ பற்றி அடுத்த கடிதத்தில் தனியாகத் திட்டப் போகிறேன்.

மிச்சம் இருப்பது ‘மரச்செக்கு’. அதற்காகத்தான் இவரைப் போனில் பிடித்துக் கேட்டேன். மோட்டாரில் ஓடுகிற செக்கு; உலக்கை வாகை மரம், உரல் இரும்பு. நிறையக் கடைகளில் இப்படித்தான், இதை எல்லோரும் மரச்செக்கு என்றுதான் சொல்கிறார்கள். நான் வழக்குக்குப் போக மாட்டேன், ஆனால் ‘பாரம்பரிய’ என்ற வார்த்தையைச் சேர்த்ததும் வாங்குகிறவர் மனதில் மாடு சுற்றுகிறது, உங்கள் கடையில் மாடு இல்லை. சூரியகாந்தி எண்ணெயும் விற்கிறீர்களா என்று கேட்டேன். விற்கிறாராம், வெளியிலிருந்து வாங்கிய டின். அப்படியானால் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்ற பலகையின் நிழல் அந்த டின்மேலும் விழுகிறதே!

அப்புறம் சாதாரணமாக ஒன்று சொன்னார்: “செவ்வாயும் வெள்ளியும் ஆட்டுவோம், நாலு நாள் தெளிய வைத்துத்தான் விற்போம், ஆட்டுகிறபோது சிலர் வந்து நின்று பார்ப்பார்கள்.” இதை ஏன் பலகையில் எழுதவில்லை என்று கேட்டால், “இதெல்லாம் எழுதுவார்களா” என்கிறார்! இதைத்தான் எழுத வேண்டும். நான் எந்த வாசகத்துக்கும் வைக்கிற சோதனை ஒன்று உண்டு: பக்கத்துக் கடைக்காரர் அதே வரியைத் தன் பலகையில் எழுதினால் அது பொய்யாகுமா? ‘சுத்தமான’ என்று யாரும் எழுதலாம். செக்கே இல்லாமல் பாட்டிலை மட்டும் வாங்கி விற்கிறவர் ‘ஆட்டும்போது வாருங்கள்’ என்று எழுத முடியாது.

முதலில் ‘கண் முன்னே ஆட்டிய எண்ணெய்’ என்று எழுதிப் பார்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தது, ஆனால் புதன்கிழமை வருகிறவர் கண் முன்னே என்ன நடக்கிறது? ஒன்றும் இல்லை. தவிர, அவர் கையில் வாங்கிப் போவது குறைந்தது நாலு நாளுக்கு முன்னால் ஆட்டியது. அடித்துவிட்டேன். ‘வந்து பார்த்து வாங்குங்கள்’ உண்மைதான், ஆனால் ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும்கூடப் பொருந்தும். கடைசியில் கிழமையையே உள்ளே கொண்டுவந்தேன்:

*செவ்வாய் வெள்ளி செக்கு ஓடும், வந்து பாருங்க!*

ஆறு வார்த்தை. செவ்வாய்க்குச் செக்கு, வெள்ளிக்கு வந்து என்று மோனை தானாக விழுந்தது, அதனால் ஒருமுறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். தரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்து பார்க்கிறவர் தானே முடிவு செய்துகொள்ளட்டும். இது கேட்கிற விலை இரண்டு. கரண்ட் போனாலோ ஆள் வராவிட்டாலோ ‘இன்று செக்கு ஓடவில்லை’ என்று வாசலில் சிலேட்டு தொங்க வேண்டும். சூரியகாந்தி டின்களை வேறு அலமாரிக்கு மாற்றி ‘வெளியில் வாங்கி விற்பது’ என்று எழுத வேண்டும். இரண்டாவதற்கு அவர் கொஞ்சம் முனகினார். முனகட்டும்.

வாங்குகிறவர்களுக்கு: ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டே கால் முதல் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு போகிறது. புண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்பி வரும், ஆனாலும் லிட்டர் விலை இரண்டு கிலோ பருப்பு விலைக்கும் கீழே இருந்தால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: கேரண்டி, கியாரண்டி எல்லாம் விளம்பரத்துக்குச் சும்மா சொல்வதுதானே சார்? இதற்கெல்லாமா கேஸ் போடுவார்கள்? (வியாபாரி, மதுரை)

போட்டார்கள், 1892-இல், லண்டனில். கார்பாலிக் ஸ்மோக் பால் என்று மூக்கில் வைத்து உறிஞ்சுகிற ஒரு சாமான். தினமும் மூன்று தடவையாக இரண்டு வாரம் பயன்படுத்தியும் ஃப்ளூ வந்தால் நூறு பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம், நம்பிக்கைக்கு ஆயிரம் பவுண்டு பேங்கில் போட்டிருக்கிறோம் என்று பின்குறிப்பு. கார்லில் என்ற அம்மா வாங்கினார், சொன்னபடி பயன்படுத்தினார், ஃப்ளூ வந்தது, நூறு பவுண்டு கேட்டார். கம்பெனி நீங்கள் சொன்னதைத்தான் சொன்னது: சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது. பேங்கில் பணம் போட்டதாகச் சொன்ன பிறகு அது எப்படிச் சும்மா ஆகும் என்று கேட்டு நீதிமன்றம் பணத்தைக் கொடுக்க வைத்தது. ‘அருமையான கடை’ என்பது தற்பெருமை. அதில் ஒரு எண்ணையோ, நாளையோ, பணத்தையோ நுழைத்தால் வாக்கு. நம் ஊரிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொய் விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சும்மா.

கேள்வி: ‘வாழ்நாள் முழுக்க இலவச சர்வீஸ்’ என்ற பலகையைப் பார்த்துத்தான் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கினேன். தனியாக இருக்கிறேன், பென்ஷன்தான் வருமானம். எட்டு மாதத்தில் பழுது. கூலி மட்டும்தான் இலவசம், ஃபில்டருக்கும் ஆள் வந்து போகவும் தனியாகக் காசு என்கிறார்கள். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம். (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி)

அம்மா, இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. பலகையைப் போட்டோ எடுத்து வையுங்கள், இன்றைக்கே, அவர்கள் மாற்றுவதற்குள். பில்லின் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பொடி எழுத்து விவகாரம் எனக்குச் சொந்தக் காயம். ‘ஆயுள் உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த சூட்கேஸை, விலை கூடுதல் என்று தெரிந்தும் வாங்கினேன். மூன்றாம் வருடம் எழும்பூர் நடைமேடையில் சக்கரம் கழன்று தனியாக உருண்டு போனது. கடைக்கு எடுத்துப் போனால், ஆயுள் என்பது உங்கள் ஆயுள் இல்லை சார், பெட்டியின் ஆயுள், அது மூன்று வருடம்தான் என்று சிரிக்காமல் சொன்னார்கள். சொன்ன வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், நட்சத்திரத்துக்குக் கீழே எறும்பு அளவில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’. மேலே ஒரு கை கொடுக்கிறது, கீழே இன்னொரு கை பிடுங்குகிறது. 2022-இல் வந்த விளம்பர நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே தடுக்கின்றன: அடிக்குறிப்பு, மேலே சொன்னதற்கு முரணாக இருக்கக் கூடாது, அதே மொழியில் இருக்க வேண்டும், கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். தமிழில் இலவசம் என்று கூவிவிட்டு ஆங்கிலத்தில் பொடியாக மறுக்கிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

வாசகம் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு அடையாளம் இருக்கிறது. நட்சத்திரம் போட வேண்டி வந்தால் வாசகம் இன்னும் எழுதி முடியவில்லை. அந்தக் கடைக்காரர் ‘சாமானுக்கும் வந்து போகவும் காசு, வேலைக்குக் கூலி இல்லை’ என்று எழுதியிருந்தால் அவருடைய பழைய வரியைவிட நன்றாகவே நினைவில் நிற்கும், இந்த அம்மாவும் கணக்குப் போட்டு வாங்கியிருப்பார்.

கேள்வி: ‘ஏழே நாளில் முடி வளரும்’ தைலம் மூன்று பாட்டில் வாங்கினேன். வளரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? பில் இல்லை. (சேலம்)

முதல் பாட்டிலுக்கு அனுதாபம். இரண்டாவதை எட்டாம் நாள் வாங்கினீர்களா? பில்லும் வாங்காமல்?

கேள்வி: நெய்யும் வனஸ்பதியும் கலந்து இனிப்பு செய்கிறோம். ‘நெய் மணக்கும்’ என்று போட்டால் தவறில்லையே? (ஸ்வீட் ஸ்டால்)

தவறு. மணத்தைச் சொல்லி நெய்யை நம்ப வைக்கிறீர்கள். நெய்யில் செய்யுங்கள், அல்லது வேறு எதையாவது மணக்க விடுங்கள்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். ‘சொன்ன நாளில் சட்டை’ என்பது என் வாசகம். நன்றாக ஓடுகிறது, தீபாவளி சமயத்தில் மட்டும் மானம் போகிறது. மாற்றிவிடலாமா? (தர்மபுரி)

மாற்றாதீர்கள், அருமையான வரி. அதில் ‘நாளைக்கே’ என்று இல்லை, ‘சொன்ன நாளில்’ என்றுதான் இருக்கிறது, நாளைச் சொல்வது உங்கள் வாய்தான். ஒரு நாளைக்கு எத்தனை சட்டை முடியும் என்று கணக்கு வைத்து, தீபாவளிக்கு முந்தின நாள் வரை நோட்டில் இடம் நிரம்பியதும் அடுத்து வருகிறவரிடம் தீபாவளி கழித்து ஒரு தேதி சொல்லுங்கள். பாதிப் பேர் வேறு கடைக்குப் போவார்கள், மீதிப் பேர் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் தையல்காரர் இதைச் செய்யவில்லை, போன தீபாவளிச் சட்டை பொங்கலுக்கு வந்தது, ஒரு கை மட்டும் அரை இஞ்ச் நீளமாக.