பிரெஞ்சு நாவலின் பஸே ஸேம்ப்ல்: தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி: பிரெஞ்சு நாவல்களில் வரும் பஸே ஸேம்ப்ல் என்ற இறந்தகால வடிவத்தைத் தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது? எல்லா இடத்திலும் ‘செய்தான், போனான்’ என்று போட்டால் தட்டையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் செய்து பார்த்தாலும் அதே கதைதான்.

பஸே ஸேம்ப்லுக்கு ‘எழுந்தாள், திறந்தான்’ என்ற சாதாரண இறந்தகாலமே போதும். தட்டையாகத் தெரிந்தால், அதன் பக்கத்திலேயே வரும் எம்பர்ஃபே என்ற இன்னோர் இறந்தகால வடிவத்தை என்ன செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிரெஞ்சு நாவலில் எம்பர்ஃபே சூழலையும் நிலையையும் வழக்கத்தையும் சொல்லும். பஸே ஸேம்ப்ல் கதையை ஓர் அடி முன்னே நகர்த்தும். இரண்டையும் ஒரே ‘செய்தான்’ ஆக்கினால் எது பின்னணி, எது நிகழ்ச்சி என்று வாசகருக்குத் தெரியாது.

எம்பர்ஃபேக்குத் தமிழில் நல்ல வழிகள் உண்டு. ‘பெய்துகொண்டிருந்தது’ ஒன்று. வழக்கத்தைச் சொல்ல, ‘மாலையானால் ஜன்னலோரம் வந்து உட்காருவாள்’ என்று எதிர்கால வடிவத்தையே கடந்த காலத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், பாட்டி கதை சொல்வதைப் போல. இதை எழுத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்படி நாலு வாக்கியம் வந்தபின் ‘அன்று அவள் வரவில்லை’ என்று எழுதினால் பஸே ஸேம்ப்லின் வேலை தானாக நடந்துவிடும்.

பெங்களூரில் அலசூர்ப் பக்கம் தமிழ் நண்பர்கள் சிலர் கூடிப் பிரெஞ்சு வாசிக்கிறோம். அங்கே அதிகம் விவாதம் வருவது நிலையைக் காட்டும் வினைச்சொற்களில்தான். இப்படி ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘இல் ப்லெவே. மரி ஸெ லெவா, ஃபெர்மா லா ஃபெனெத்ர். எல் ஸ்யூ கெ பியேர் நெ ரெவியாந்த்ரே பா.’ கடைசி வாக்கியத்தை ‘பியேர் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது’ என்று ஒரு தோழி மொழிபெயர்த்தார். ஆனால் அது ‘எல் சவே’ என்ற எம்பர்ஃபேக்கு உரியது. ‘ஸ்யூ’ என்றால் அந்தக் கணத்தில் தெரியவந்தது. ஆக:

‘மழை பெய்துகொண்டிருந்தது. மரி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பியேர் இனி வரமாட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.’

கதையே மாறுகிறது. முதல் மொழிபெயர்ப்பில் அவள் பழைய துக்கத்தோடு எழுகிறாள். இரண்டாவதில் ஜன்னலைச் சாத்தியபின் துக்கம் வந்து சேர்கிறது. ஆங்கிலத்திலும் ‘நியூ’ என்று போட்டால் இரண்டு வாக்கியமும் ஒன்றாகிவிடும், ‘ரியலைஸ்ட்’ வேண்டும். ‘வுலூ’ என்றால் பெரும்பாலும் செய்ய முயன்றான், ‘வுலே’ என்றால் செய்ய விரும்பினான். ‘ப்யூ’ என்றால் முடிந்தது, செய்தும்விட்டான். ‘பூவே’யில் செய்தானா என்பது தெரியாது. வயதிலும் இதே வித்தியாசம்தான்: எம்பர்ஃபேயில் அவளுக்கு இருபது வயது, பஸே ஸேம்ப்லில் அவளுக்கு இருபது நிறைந்தது.

மேலே ‘எழுந்து சாத்தினாள்’ என்று எச்சத்தில் கோத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பிரெஞ்சில் அவை இரண்டு முற்றுவினைகள். தமிழுக்கு எச்சம் இயல்பு. ஆனால் அது செயல்களை ஒரே அசைவாக்கிவிடும். ஒவ்வொரு செயலும் தனித்தனி முடிவாகக் கனக்கும் இடத்தில் ‘எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள்’ என்று உடைத்துவிடுவேன். இதற்கு விதி கிடையாது, சத்தமாகப் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

‘-விட்டு’ விஷயத்திலும் கவனம். பஸே ஸேம்ப்ல் முடிந்த செயல் என்று பாடப்புத்தகம் சொல்வதால் சிலர் வரிக்கு வரி ‘எழுந்துவிட்டாள், சாத்திவிட்டாள்’ என்கிறார்கள். மேலே ‘புரிந்துவிட்டது’ என்று ஒரே ஒரு முறை போட்டதால்தான் அதற்கு எடை இருக்கிறது. பஸே ஸேம்ப்ல் குறுகிய செயலுக்கு மட்டும் என்று நினைப்பதும் தவறு. ‘இல் வேக்யூ தி-ஸான் அ பரி’ என்றால் ‘பாரிசில் பத்து வருடம் வாழ்ந்தான்’. அங்கே ‘வாழ்ந்துகொண்டிருந்தான்’ வராது. கால அளவு எவ்வளவு நீளமானாலும், கதைசொல்லி அதை முழுசாக, முடிந்ததாகப் பார்க்கிறார்.

அப்புறம், இலக்கிய வாசனைக்காக ‘கண்ணுற்றான், ஏகினான்’ என்று போகாதீர்கள். பஸே ஸேம்ப்லைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்று பேச்சில் பயன்படுத்துவதில்லை என்பது உண்மைதான், ஆனால் குழந்தைகளுக்கான கதைப்புத்தகத்திலும் அது சாதாரணமாக வரும். படிப்பவருக்கு அது பழங்காலத்து நடையாகத் தோன்றாது. பாத்திரங்கள் பேசும்போது, பேச்சில் வழங்கும் இறந்தகால வடிவமான பஸே கொம்போஸேக்கு மாறுவார்கள். இந்த இடைவெளியைக் காட்ட ஆங்கில மொழிபெயர்ப்பாளர் திண்டாட வேண்டும். நமக்கோ கதையில் ‘மழை வந்தது’, உரையாடலில் ‘மழை வந்துச்சு’ என்று வழி தயாராக இருக்கிறது. 1942இல் வந்த காம்யுவின் ‘லெத்ரான்ஷே’ போல, கதைசொல்லலே பெரும்பாலும் பஸே கொம்போஸேயில் நடக்கும் நாவல் என்றால் கதையையும் பேச்சுப் பக்கம் கொஞ்சம் சாய்த்து எழுதலாம்.