புள்ளி செங்குத்தா ஏறினா r அதிகமா? ஸ்கேட்டர் பிளாட்டை எப்படிப் படிக்கணும்

"சார், நான் கடலூர்ல பி.காம் படிக்கிறேன். எட்டு பசங்ககிட்ட ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் படிக்கிறீங்க, எவ்ளோ மார்க்னு கேட்டு ஸ்கேட்டர் பிளாட் போட்டேன். புள்ளி எல்லாம் நல்லா செங்குத்தா ஏறுது, அதனால r 0.9ன்னு எழுதுனேன். என் ஃப்ரெண்ட் அதே டேட்டாவுக்கு வரைஞ்ச படம் படுத்த மாதிரி இருக்கு, அவன் 0.4ன்னு எழுதிட்டான். யாருது சரி? படத்தப் பாத்தே r சொல்ல முடியுமா, டேட்டா கீழ இருக்கு."

தம்பி, ரெண்டு பேருதும் தப்பு. உன் டேட்டாவுக்கு கணக்குப் போட்டா r, அதாவது நேரமும் மார்க்கும் எவ்ளோ ஒட்டிப் போகுதுன்னு சொல்ற ஒட்டுறவுக் கெழு, 0.63 வருது. படத்தப் பாத்தே 0.7 பக்கம்னு சொல்லியிருக்கலாம், அதுக்கு வழி இருக்கு, ஆனா நீங்க ரெண்டு பேரும் பாத்தது சாய்வ. சாய்வுக்கும் r எவ்ளோ பெருசுங்கிறதுக்கும் சம்பந்தம் கிடையாது. சாய்வு r-க்கு பிளஸ்ஸா மைனஸான்னு மட்டும்தான் சொல்லும்.

நீ மார்க் அச்சை 40ல ஆரம்பிச்சு 80ல முடிச்சிருக்க, கிராஃப் ஷீட் முழுக்க அந்த 40 மார்க்கையே பரப்பிட்ட, அதனால செங்குத்தா தெரியுது. உன் ஃப்ரெண்ட் 0ல இருந்து 100 வரைக்கும் சின்னதா போட்டிருக்கான், அதனால படுத்துக்குது. எட்டு பசங்களும் அதே எட்டு பசங்கதான். ரெண்டு படத்துலயும் ஒரு மணி நேரம் கூடப் படிச்சா சராசரியா அஞ்சரை மார்க் கிட்ட ஏறுது, அதுல மாற்றமே இல்ல. நாளைக்கு நீ மணி நேரத்த நிமிஷமா மாத்திப் போட்டாலும், மார்க்க நூத்துக்கு பதிலா எழுபத்தஞ்சுக்குக் கணக்குப் பண்ணிப் போட்டாலும் r அதே 0.63தான். 45 டிகிரி ஏறுனா r ஒண்ணுன்னு இன்னும் சில டியூஷன்ல சொல்லித் தராங்க, தயவுசெஞ்சு அத மறந்துடு.

அப்ப எதப் பாக்கணும்? புள்ளிங்க எவ்ளோ ஒடுக்கமா ஒரு கோட்டை ஒட்டி நிக்குதுங்கிறதப் பாக்கணும். அதுக்கு ஒரு வழி, 1984ல ஷாட்டியோன்னு ஒரு புள்ளியியல்காரர் எழுதுனது. எல்லாப் புள்ளியும் உள்ள அடங்குற மாதிரி ஒரு நீள்வட்டம் பென்சில்ல லேசா வரை, பண்ருட்டி பலாக்கொட்டை சாய்ஞ்சு கெடக்குற மாதிரி. ரெண்டு உயரத்த அளந்துக்க. ஒண்ணு, அந்தக் கொட்டையோட முழு உயரம், அதாவது அடியில இருந்து உச்சி வரைக்கும் எத்தன மார்க். இன்னொண்ணு நடு உயரம், படிப்பு நேரத்தோட சராசரி இருக்குற எடத்துல நேரா மேல ஒரு கோடு போட்டா கொட்டைக்குள்ள அந்தக் கோடு எத்தன மார்க் நீளம். அப்புறம் இதுதான்:

r ≈ √(1 − (நடு உயரம் ÷ முழு உயரம்)²)

கொட்டை கீழ்நோக்கி சாய்ஞ்சிருந்தா முன்னாடி மைனஸ் போட்டுக்க.

உன் டேட்டாவுல போட்டுப் பாப்போம். நீ குடுத்தது, நேரம் முதல்ல மார்க் ரெண்டாவதா: 1, 45. 2, 50. 2, 65. 3, 70. 3, 50. 4, 75. 4, 55. 5, 70. சராசரி நேரம் 3 மணி, சராசரி மார்க் 60. புள்ளிங்களுக்குக் கொஞ்சம் வெளிய விட்டு நான் வரைஞ்ச கொட்டை அடியில 43, உச்சியில 77, ஆக முழு உயரம் 34. 3 மணி எடத்துல 48ல இருந்து 72 வரைக்கும் போகுது, நடு உயரம் 24. 24ஐ 34ஆல வகுத்தா 0.71, அத வர்க்கம் பண்ணா 0.5, ஒண்ணுல கழிச்சா 0.5, வர்க்கமூலம் எடுத்தா திரும்ப 0.71. கணக்கு சொல்றது 0.63, கண்ணு சொல்றது 0.7, எட்டே புள்ளிக்கு கண்ணால இவ்ளோ கிட்ட வந்தா போதும். முக்கியமா இத கவனி, உன் ஃப்ரெண்டோட படுத்த படத்துல அளந்தாலும் இதே விடைதான் வரும், ஏன்னா அச்சை இழுத்தாலோ அமுக்குனாலோ ரெண்டு உயரமும் ஒரே அளவுல மாறுது, விகிதம் அப்படியே நிக்குது. கொட்டை ரொம்ப ஒல்லியா இருந்தா நடு உயரம் சின்னது, r ஒண்ணு கிட்ட போகும். சாய்வே இல்லாம உருண்டையா இருந்தா ரெண்டு உயரமும் ஒண்ணு, r பூஜ்யம். புள்ளிங்க வளைஞ்சு போனா இந்த வழி வேலைக்கு ஆகாது, r-ஏ அங்க சரிப்படாது.

இந்த வழி சிலபஸ்ல இல்ல. அங்க என்ன இருக்குன்னா அஞ்சு படம், முழு நேர் ஒட்டுறவு, முழு எதிர் ஒட்டுறவு, அப்படி அஞ்சு தலைப்பு, மனப்பாடம் பண்ணி வரைஞ்சா மார்க். ஒரு நெசமான படத்தக் குடுத்து இதோட r சுமாரா எவ்ளோன்னு பரீட்சையில கேட்டு நான் பாத்ததே இல்ல, ஃபார்முலாவுல அட்டவணை போட்டு நாலு தசமம் வரைக்கும் கொண்டு வந்தா முழு மார்க், படம் பாக்கத் தெரியாட்டியும் பரவால்ல. அப்படியே டிகிரி வாங்கிட்டு ஆளுங்க வெளிய வராங்க, ரொம்ப வருத்தமா இருக்கு.

அடுத்தது, இதுலதான் எல்லாரும் மாட்டுறாங்க, ஒத்தப் புள்ளி. உன் எட்டு பேரோட ஒன்பதாவதா ஒரு பையன் வந்து நாளைக்கு 10 மணி நேரம் படிச்சேன், மார்க் 30னு சொல்றான்னு வை. அந்த ஒருத்தனச் சேத்துக் கணக்குப் போட்டா r என்ன ஆகும் தெரியுமா, பிளஸ் 0.63ல இருந்து மைனஸ் 0.40க்குப் போயிடும். எட்டு பேர் ஒரு பக்கம் சொல்றாங்க, ஒருத்தன் தூரத்துல தனியா நின்னுக்கிட்டு மொத்தத்தையும் கவுத்துடுறான், ஏன்னா r-ல சராசரியில இருந்து தள்ளி நிக்கிற புள்ளிக்கு பலம் ஜாஸ்தி, ரெண்டு அச்சுலயும் தள்ளி நின்னா அந்தத் தூரம் ரெண்டும் பெருக்கிக்கிட்டு வருது. அதே 10 மணி நேரக்காரன் 95 மார்க் வாங்கியிருந்தா r 0.85க்கு ஏறிடும், மத்த எட்டு பேர்கிட்ட ஒரு துளி மாற்றம் இல்லாம.

அதனால கணக்குக்கு முன்னாடி படத்தப் பாரு, தனியா நிக்கிற புள்ளிய விரலால மறைச்சுட்டு மிச்சத்துக்குக் கொட்டை வரைஞ்சு பாரு. மறைச்சா ஒரு கதை, தெறந்தா வேற கதைன்னா அந்தப் பையனுக்கு ஒரு போன் போடு. 10 மணி நேரம்னு அவன் சொன்னது காலேஜ் கிளாஸ் நேரத்தையும் சேத்தா? இல்ல வாரத்துக்கு 10 மணி நேரமா? மார்க் 30ங்கிறது எழுபத்தஞ்சுக்கா நூத்துக்கா? தப்பா எழுதியிருந்தா திருத்து, விசாரிக்க முடியலன்னா இல்ல நெசமாவே அப்படித்தான்னா, அவன் இருக்குறப்ப r இவ்ளோ, இல்லாதப்ப இவ்ளோன்னு ரெண்டையும் எழுது. எக்ஸாமினர் ரெண்டு விடையான்னு முறைச்சாலும் எழுது. படம் அசிங்கமா இருக்குன்னு மட்டும் ஒரு புள்ளியையும் தூக்கிடாத.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, புள்ளிய தூக்குறதுதான் இப்ப ஒரு தொழிலே. கடலூர்லயும் சரி பாண்டிலயும் சரி, காலேஜ் பக்கத்துல பிராஜெக்ட் டைப்பிங், பைண்டிங், அனாலிசிஸ் பண்ணித் தரோம்னு போர்டு மாட்டியிருப்பாங்க, எல்லாரையும் சொல்லல, ஆனா அதுல சிலர் டேட்டா கிளீனிங்னு ஒரு ரேட் போட்டு என்ன பண்றாங்கன்னா கோட்டுக்கு ஒத்து வராத ஆளுங்கள அழிச்சுடுறாங்க. உன் எட்டு பேர்ல 2 மணி நேரம் படிச்சு 65 வாங்குனவனையும் 4 மணி நேரம் படிச்சு 55 வாங்குனவனையும் எடுத்துட்டாப் போதும், r 0.63ல இருந்து 0.81க்கு ஏறிடும், ரிசல்ட் சூப்பர்னு உன்கிட்ட காசு வாங்கிடுவாங்க. அந்த ரெண்டு பசங்கதான் உன் டேட்டாவுலயே கவனிக்க வேண்டியவங்க, அவங்களத் தொலைச்சுட்டு உனக்கு எதுக்கு பிராஜெக்ட்? டியூஷன் சென்டர் நோட்டீஸ்ல வர்ற படத்துக்கும் இதேதான், பாதியில நின்னுட்டுப் போன பசங்க, ஃபெயிலான பசங்க புள்ளி அந்தப் படத்துல இருக்கான்னு கேளு. எத்தன பேர் சேந்தாங்க, படத்துல எத்தன புள்ளி, எண்ணிப் பாத்தாலே தெரிஞ்சிடும். அது சரியா இருந்தாலும் கூட, அந்த சென்டர்ல உக்காந்ததாலதான் மார்க் வந்துச்சுன்னு r சொல்லாது, படிக்கிற வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு நேரமும் ஜாஸ்தி மார்க்கும் ஜாஸ்தியா இருக்கலாம்.

உன் கணக்க நீயே சரி பாத்துக்க. எக்செல்ல A2ல இருந்து நேரம், B2ல இருந்து மார்க் அடிச்சுட்டு ஒரு காலி செல்லுல இது:

```
=CORREL(A2:A9,B2:B9)
```

0.6255ன்னு வரும். சார்ட்ல டிரெண்ட்லைன் போட்டு அதுல வர்ற நம்பர எழுதிடாத, அது R², உன் டேட்டாவுக்கு 0.39னு காட்டும். வாரா வாரம் யாராவது ஒருத்தர் அத r-னு எழுதிட்டு வராங்க. அதுக்கு வர்க்கமூலம் எடுத்தாதான் 0.63, அதுலயும் மைனஸ் தொலைஞ்சிருக்கும், கோடு ஏறுதா இறங்குதான்னு பாத்துதான் குறி போடணும். அதே மாதிரி 0.63ன்னா நேரம் கூடக் கூட 63 சதவீதம் மார்க் ஏறும்னு எழுதாத, r சதவீதம் கிடையாது.

இன்னொண்ணு, எட்டு பேர்ங்கிறது ரொம்ப கம்மி. நேரத்துக்கும் மார்க்குக்கும் நெசத்துல ஒரு சம்பந்தமும் இல்லாட்டியும், இப்படி எட்டெட்டு பேரா எடுத்துக்கிட்டே இருந்தா நூறு தடவையில சுமார் பத்து தடவ, ஏறுமுகமாவோ இறங்குமுகமாவோ 0.63 அளவோ அதுக்கு மேலயோ சும்மாவே வந்துடும். முடிஞ்சா உன் கிளாஸ் மொத்தத்துக்கிட்டயும் கேளு, முப்பது நாப்பது பேர் வந்தா நல்லது.

ரெக்கார்டுல இப்படி எழுது: "8 மாணவர்கள், ஒட்டுறவுக் கெழு r = 0.63, நேர் ஒட்டுறவு, மிதமானது, எந்தப் புள்ளியும் நீக்கப்படவில்லை." அச்சு ரெண்டும் எங்க ஆரம்பிக்குதுன்னு படத்துலயே குறிச்சிடு, உன் ஃப்ரெண்டையும் அதையே எழுதச் சொல்லு, அவன் படத்தை மாத்த வேண்டியதில்ல.