செம்பனை எண்ணெய் விலை ஒரே கட்டத்துக்குள் ஆடும்போது: கேள்வி பதில்

தெலுக் இந்தானில் இருந்து எழுதுகிறேன். இங்கே பாதிப் பேருக்கு மலேசியச் சந்தையின் செம்பனை எண்ணெய் எதிர்கால ஒப்பந்தமான FCPO விலை என்ன என்று கேட்காமல் காலைத் தேநீர் இறங்காது, அதனால் கேள்விகளும் அதைச் சுற்றியே வந்திருக்கின்றன. கீழே உள்ள விலைகள் டன்னுக்கு ரிங்கிட்டில், கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை, இன்றைய விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லங்காப்பிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கீழே வாங்கி மேலே விற்கணும், அவ்வளவுதானே? எங்கே ஸ்டாப் வைப்பது?

அவ்வளவுதான் தம்பி, ஆனால் ஸ்டாப், அதாவது நம் எண்ணம் தப்பு என்று நஷ்டத்தோடு வெளியேறும் விலை, எங்கே என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டுத்தான் எங்கே வாங்குவது என்று யோசிக்க வேண்டும். விலை மூன்று வாரமாக 4,120க்கும் 4,260க்கும் நடுவில் போய் வருகிறது, ஒரு நாள் மட்டும் 4,115 வரை தொட்டுவிட்டு உடனே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள். அப்படியானால் உன் எண்ணம் பொய்யாகும் இடம் 4,115க்குக் கீழே. 4,115லேயே ஸ்டாப் போட்டால் எல்லாருடைய ஸ்டாப்போடும் சேர்ந்து அடிபடும், அதனால் கொஞ்சம் இடம் விட்டு 4,108.

இப்போது வாங்கும் இடம். ஒரு மணி நேர சார்ட்டில் விலை 4,122 வரை இறங்கிவிட்டு 4,138ல் முடிகிறது, அங்கே வாங்குகிறாய். ஸ்டாப்புக்கு 30 புள்ளி. ஒரு லாட் 25 டன் என்பதால் ஒரு புள்ளிக்கு 25 ரிங்கிட், ஆகவே போனால் 750 ரிங்கிட், கமிஷன் தனி. மேலே 4,260 வரை காத்திருக்காதே, 4,240ல் விற்றுவிடு, அது 102 புள்ளி, 2,550 ரிங்கிட். உச்சியில் கடைசி 20 புள்ளிக்கு ஆசைப்பட்டவர்கள்தான் விலை 4,245ல் திரும்பிக் கீழே வரும்போது முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

நடுவில், அதாவது 4,190 பக்கம், ஒன்றும் செய்யாதே. அங்கே வாங்கினால் ஸ்டாப்பும் தூரம், லாபமும் பாதி.

அதே தம்பி: என் கணக்கில் 30,000 இருக்கிறது, ஒரு தடவைக்கு 2 விழுக்காடுதான் விடுவேன். 750 அதிகம் இல்லையா?

அதிகம்தான், உன் வரம்பு 600. பங்கு என்றால் அளவைக் குறைத்து வாங்கலாம், இங்கே ஒரு லாட்டுக்குக் கீழே போக முடியாது. பலர் இந்த இடத்தில் ஸ்டாப்பை 4,114க்கு நகர்த்திவிட்டு 24 புள்ளிதான் என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள், அது ஏற்கனவே தொட்ட 4,115க்கு ஒரு புள்ளிதான் கீழே, சாதாரண ஆட்டத்திலேயே அடித்துவிட்டுப் போகும். ஸ்டாப் அங்கேயே இருக்கட்டும், வாங்கும் விலையை இறக்கு. 4,130ல் கிடைத்தால் 22 புள்ளி, 550 ரிங்கிட். கிடைக்கவில்லையா, அந்தத் தடவை விட்டுவிடு.

பீடோரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஒரு விலையை எத்தனை தடவை தொட்டுத் திரும்புகிறதோ அத்தனைக்கு அந்தத் தரை பலம் என்பார்கள். ஐந்து தடவை திரும்பிய இடத்தில் நம்பிக்கையாக இரண்டு லாட் எடுக்கலாமா?

பாதி சரி சார். இரண்டாவது, மூன்றாவது தடவை தொட்டுத் திரும்பும்போதுதான் அங்கே தரை இருக்கிறது என்றே நமக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உயரம் எழுந்தது என்று பாருங்கள். முதலில் 4,255 வரை, அடுத்து 4,225 வரை, அப்புறம் 4,190 வரைதான் என்றால், கீழே வாங்குகிறவர்களின் கை ஓய்ந்துகொண்டிருக்கிறது, விற்கிறவர்கள் உச்சி வரை காத்திருக்கத் தயாராக இல்லை. அந்த ஐந்தாவது தொடுதலில் இரண்டு லாட் இல்லை, ஒரு லாட்டும் நான் எடுக்க மாட்டேன்.

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஓர் ஐயா: எனக்கு 5 ஏக்கர் செம்பனை இருக்கிறது. விலை கீழே இருக்கும்போது குலையை வெட்டாமல் வைத்து, மேலே வந்ததும் விற்கலாமா?

ஐயா, இங்கே பேசுவது காகிதத்தில் வாங்கி விற்பது, உங்கள் பழம் அப்படிக் காத்திருக்காது. பழுத்த குலையை விட்டால் பழம் உதிரும், வெட்டி வைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், மில்லில் தரம் குறைத்துவிடுவார்கள். உங்கள் சுற்றுப்படி வெட்டுங்கள்.

FCPOவில் விற்று விலையைக் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 5 ஏக்கர் என்றால் 2 ஹெக்டர், ஹெக்டருக்கு வருடம் 16 டன் குலை என்று போட்டால் 32 டன், அதில் எண்ணெய் 20 விழுக்காடு, ஆறரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு லாட் 25 டன். உங்கள் நான்கு வருட விளைச்சலை ஒரே நாளில் விற்ற மாதிரி ஆகிவிடும், விலை ஏறினால் தாங்காது. வேண்டாம் ஐயா.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா: போன மாதம் திடீரென்று 40 புள்ளி கீழே உடைந்தது, விலை ஆடிக்கொண்டிருந்த கட்டம், அதாவது ரேஞ்ச், போச்சு என்று வெளியே வந்தேன். அப்புறம் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆடுகிறது. ஏன்?

தேதி என்ன அக்கா, 16ஐ ஒட்டியா? முன் மாத ஒப்பந்தம் 15ஆம் தேதி மதியத்தோடு முடியும், எல்லாரும் பார்க்கும் மூன்றாவது மாத ஒப்பந்தம் அடுத்த மாதத்துக்கு மாறும். அந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவில் 40 ரிங்கிட் வித்தியாசம் இருந்தால், மாத ஒப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் காட்டும் தொடர் சார்ட்டில் அது 40 புள்ளி விழுந்த மாதிரி தெரியும். ஒருவரும் விற்கவில்லை, சார்ட் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். நீங்கள் கையில் வைத்திருக்கும் மாதத்தின் சார்ட்டைத் தனியாகத் திறந்து, கோடுகளை அதில் போடுங்கள். அதிலும் உடைந்திருந்தால்தான் அது உடைப்பு, அப்படியென்றால் நீங்கள் வெளியே வந்தது சரிதான்.

அதே அக்கா: நிஜமாக உடைந்தால் உடனே திருப்பி விற்கலாமா?

வெளியே வருவது ஒரு முடிவு, திருப்பிப் போடுவது, அதாவது விலை இறங்கும் என்று முதலில் விற்றுப் பின்னால் வாங்குவது, வேறு முடிவு, இரண்டையும் ஒரே பொத்தானில் செய்ய வேண்டாம். 4,108ல் ஸ்டாப் அடித்தது, வெளியே வந்தாயிற்று. அப்புறம் விலை 4,115 - 4,120 வரை ஏறி வந்து அங்கே முட்டிக்கொண்டு மறுபடி இறங்கினால் விற்கலாம், ஸ்டாப் 4,130க்கு மேலே. அப்படி ஏறி வராமலே 200 புள்ளி விழுந்துவிடுவதும் உண்டு, அது நமக்கு இல்லை என்று விட வேண்டியதுதான். மாறாக அடுத்த ஒரு மணி நேரத்தில் 4,125க்கு மேலே போய் முடிந்தால் அது பொய் உடைப்பாக இருக்கலாம், ஒரே ஒரு தடவை மறுபடி வாங்குவேன், புதிய ஸ்டாப் அன்றைய அடிமட்டத்துக்குக் கீழே. இரண்டாவது தடவையும் அடித்தால் அந்த ரேஞ்சைச் சார்ட்டிலிருந்தே அழித்துவிடுவேன்.

ஸ்டாப் தொட்டதும் வெளியேறுவதா, ஒரு மணி நேரம் முடியும் விலைக்குக் காத்திருப்பதா என்று எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என்னோடு வியாபாரம் பார்க்கும் ஒருவர் முடியும் விலைதான் என்பார், பொய் உடைப்பில் அவர் தப்பிப்பதும் உண்மை. ஆனால் ஒரு மணி நேரத்தில் 60 புள்ளி ஓடிவிட்டால் 1,500 ரிங்கிட், எனக்கு அது ஒத்துவராது.

லங்காப் தம்பி: ஸ்டாப் போட்டுவிட்டால் 750க்கு மேல் போகாதுதானே?

போகும் தம்பி. சந்தை மூடியிருக்கும்போது ஸ்டாப் தூங்கும். காலை பத்தரைக்கு நம் சந்தை திறப்பதற்குள் சீனாவின் டாலியன் சந்தை ஒன்பதுக்கே ஆரம்பித்துவிடும், சிக்காகோ சோயா எண்ணெய் இரவெல்லாம் ஆடியிருக்கும். 4,070ல் திறந்தால் உன் 4,108 ஸ்டாப் 4,070 பக்கம்தான் போகும், 68 புள்ளி, 1,700 ரிங்கிட். மாதம் 10ஆம் தேதி வாக்கில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபியின் கையிருப்புக் கணக்கு வெளியாவதும் பன்னிரண்டரைக்கு, சந்தை மதிய இடைவேளைக்குப் போகும் நேரம், அது இரண்டரைக்குத்தான் மறுபடி திறக்கும். அந்தப் பன்னிரண்டரைக்கு முன்னால் நான் கையில் எதுவும் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை இரவு அமர்வும் கிடையாது, அதனால் ஆறு மணிக்குள் 4,240 வரவில்லை என்றாலும் இருக்கிற விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்பிவிடு.