சாஃப்டா ஹார்டா: நேர்முகத் தேர்வில் உங்கள் இசிஜி புராஜெக்டுக்கு வரும் கேள்வி

இறுதியாண்டில் இசிஜி சிக்னலின் இரைச்சலை வேவ்லெட் முறையில் நீக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவக் கருவி நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் இதைப் பற்றிக் கேட்டால், "சாஃப்ட் வைத்தேன், வரைபடம் அழகாக வந்தது" என்ற பதில் போதாது. வேவ்லெட் கெழுக்களுக்கு வரம்பு வைக்கும் சாஃப்ட், ஹார்ட் என்ற இரண்டு முறைகளில் எதற்காக அதைத் தேர்ந்தீர்கள் என்பதை எண்களோடு சொல்ல வேண்டும்.

வினாடிக்கு 360 மாதிரிகள் கொண்ட பதிவில் 1024 மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். மிக நுண்ணியதான முதல் மட்டத்தின் விவரக் கெழுக்களில் பெரும்பாலும் இரைச்சலே இருக்கும் என்பதால், அவற்றின் தனிமதிப்புகளின் இடைநிலையை 0.6745 ஆல் வகுத்து இரைச்சலின் அளவு σ-வைக் கணிக்கிறோம். இடைநிலை 0.0135 மில்லிவோல்ட் என்றால் σ = 0.02. டோனஹோவும் ஜான்ஸ்டோனும் 1994இல் வெளியிட்ட λ = σ√(2 ln N) என்ற வரம்பு இங்கே ஏறத்தாழ 0.074 ஆகிறது.

```
c = pywt.wavedec(x, 'db4', level=4)
c[1:] = [pywt.threshold(d, lam, mode='soft') for d in c[1:]]
y = pywt.waverec(c, 'db4')
```

தோராயக் கெழுக்களான c[0]-ஐத் தொடாமல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். இரண்டு முறைகளும் λ-வுக்குக் கீழே உள்ளவற்றைப் பூச்சியமாக்குகின்றன. வேறுபாடு அதற்கு மேலேதான். ஆர் முகட்டைச் சேர்ந்த 0.60 என்ற கெழுவை ஹார்ட் அப்படியே விடும், சாஃப்ட் 0.526 ஆகக் குறைக்கும். இரைச்சலால் தற்செயலாக 0.08-க்கு எழுந்த கெழுவையும் ஹார்ட் முழுதாக விட்டுவிடுவதால் சமதளப் பகுதியில் பொய்யான சிறு கூர்முனை தோன்றும். சாஃப்டில் அது 0.006 ஆகச் சுருங்கி, கண்ணுக்கே தெரியாது.

ஆகவே முகட்டின் உயரத்தை அளப்பது நோக்கம் என்றால், நான் ஹார்டையே பரிந்துரைப்பேன், ஏனெனில் சாஃப்ட் ஒவ்வொரு பெரிய கெழுவிலும் λ அளவைக் கழித்துவிடுவதால் முகடு ஒரே திசையில் தாழ்ந்துபோகிறது. சிக்னலின் சரிவைக் கணக்கிட்டுத் துடிப்புகளைக் கண்டறிய வேண்டுமானால், பொய் முனைகளைத் தவிர்க்கும் சாஃப்ட் பொருத்தமானது.

உங்கள் முடிவைச் சோதிக்க, மூல சிக்னலிலிருந்து சுத்திகரித்ததைக் கழித்து, அந்த எச்சத்தை வரைந்து பாருங்கள். ஒழுங்கற்ற இரைச்சல் மட்டும் தெரிந்தால் நல்லது. ஒவ்வொரு துடிப்பின் இடத்திலும் ஆர் முகட்டின் சாயல் தெரிந்தால், இரைச்சலோடு சிக்னலையும் வெட்டியிருக்கிறீர்கள்.

மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் குறுக்கீட்டைப் பற்றியும் கேட்கலாம். இந்த மாதிரி வேகத்தில் அது 45 முதல் 90 ஹெர்ட்ஸ் வரையிலான இரண்டாம் மட்டத்தில் விழுகிறது. σ-வையோ முதல் மட்டத்தில் கணித்தோம். அதனால் குறுக்கீடு வலுவாக இருந்தால் வரம்பைத் தாண்டி நின்றுவிடும். அதை நாட்ச் வடிகட்டியால் முன்னரே நீக்கிவிட்டு, அதன் பிறகே கெழுக்களுக்கு வரம்பு வைக்க வேண்டும்.