கல்யாண வாரம் வரை டீலோடைத் தள்ள வேண்டாம்

"ஸ்குவாட் 100 கிலோ, 5 செட், 5 ரெப். ஆறு வாரமாக ஏற்றிக்கொண்டே வந்தேன். இப்போது இரண்டு முறையாகக் கடைசி செட்டில் 3 ரெப்தான் வருகிறது, முழங்காலும் பிடிக்கிறது. அடுத்த மாதம் கானாடுகாத்தானில் மாமா வீட்டுக் கல்யாணம். அந்த வாரத்தையே டீலோட் ஆக்கிக்கொள்ளலாமா?"

வேண்டாம், செட்டையும் எடையையும் குறைத்து உடம்பைத் தேற்றும் இந்த டீலோட் வாரத்தை வருகிற திங்களே தொடங்குங்கள். ஒரு நாள் ரெப் குறைந்தால் தூக்கத்தின் மேல் பழி போடலாம். அடுத்தடுத்து இரண்டு முறை குறைந்து மூட்டும் பிடிக்கிறது என்றால் சோர்வு சேர்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வெட்ட வேண்டியது செட்டை. 85 கிலோ, 2 செட், 5 ரெப் போதும். இன்னும் நாலைந்து ரெப் போகும் என்ற நிலையிலேயே கம்பியை வைத்துவிடுங்கள். பெஞ்சுக்கும் டெட்லிஃப்டுக்கும் இதே கணக்கு. கர்ல் மாதிரி சில்லறை வேலைகளை அந்த வாரம் விட்டுவிடலாம். வழக்கமான நாட்களில் ஜிம்முக்குப் போங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். புதன்கிழமை வாக்கில் உடம்பு துறுதுறுக்கும். சும்மாதானே இருக்கிறோம் என்று ஓட்டத்தைச் சேர்த்தால் எல்லாம் வீண்.

அடுத்த திங்கள் 97.5 கிலோவில் ஐந்து செட் பாருங்கள். சுலபமாகப் போனால் பழைய ஏற்றத்தைத் தொடருங்கள். முழங்கால் மட்டும் அப்படியே பிடித்தால் அது வெறும் சோர்வு இல்லை, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

கல்யாண வாரமா? வளவில் பந்தி பரிமாறி, ராத்திரி கண் விழிப்பதெல்லாம் ஓய்வுக் கணக்கில் வராது. அந்த வாரம் ஒரு நாள் போய் இரண்டு செட் போட்டாலே பலம் எங்கும் போகாது.